போர்ட்டலில் போட்டிருக்கும் ஐந்து மணி யாழ்ப்பாணத்தில் எத்தனை மணி?

லண்டனில் இருக்கும் மாமாவுக்கு எத்தனை மணிக்குப் போன் எடுக்கலாம் என்று யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குளிர்காலத்தில் நம்முடைய நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழிக்க வேண்டும், கோடையில் நாலரையைக் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்த வீட்டுப் பிள்ளைகளே வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது கடைசி நாளில் தடுமாறுகிறார்கள். போர்ட்டல் காட்டும் நேரம் யாருடைய நேரம் என்று பார்க்காமல் விடுவது ஒரு காரணம். அந்தக் கடைசி மணித்தியாலத்தில் சேர்வருக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாதது இன்னொன்று. இரண்டையும் ஒரே உதாரணத்தோடு பார்ப்போம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்த ஒரு மாணவி, பிரஸ்ஸல்ஸில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் முதுகலைப் படிப்புக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போர்ட்டலின் மேல்பக்கத்தில் இப்படி இருக்கிறது:

```
Deadline: 31 March 2027, 17:00 CET
```

முதலில், நேரத்துக்குப் பின்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள்

17:00 என்றால் மாலை ஐந்து மணி. அதில் சிக்கல் இல்லை. சிக்கல் CET என்ற மூன்று எழுத்தில் இருக்கிறது. அது மத்திய ஐரோப்பாவின் குளிர்கால நேரம். உலகப் பொது நேரமான UTC-ஐ விட ஒரு மணித்தியாலம் முன்னால் போகும். இலங்கை நேரம் UTC-ஐ விட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆகவே வித்தியாசம் நாலரை மணித்தியாலம், 17:00 மணியோடு அதைக் கூட்டினால் நமக்கு இரவு 9:30. பெப்ரவரி மாதத்தில் உட்கார்ந்து கணக்குப் போடும் எல்லோருக்கும் இந்த விடைதான் வரும்.

ஆனால் ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளுவார்கள். 2027இல் அது மார்ச் 28. கடைசி நாளான 31ஆம் திகதி வரும்போது பிரஸ்ஸல்ஸ் கோடை நேரத்துக்கு மாறி மூன்று நாள் ஆகியிருக்கும். அப்போது நமக்கும் அவர்களுக்கும் இடையில் மூன்றரை மணித்தியாலம்தான். அந்த ஊரில் மாலை ஐந்து மணி அடிக்கும்போது யாழ்ப்பாணத்தில் இரவு 8:30. ஒன்பதரை என்று நினைத்துக்கொண்டு ஒன்பது மணிக்குக் கணினி முன் உட்காரும் பிள்ளைக்குப் போர்ட்டல் மூடி அரை மணித்தியாலம் ஆகியிருக்கும்.

அப்படியென்றால் CET என்று ஏன் எழுதினார்கள்? கோடையிலும் CET என்றே எழுதுவது ஐரோப்பிய அலுவலகங்களில் சாதாரணம். கண்டிப்பாகப் பார்த்தால் கோடையில் CEST என்று எழுத வேண்டும், ஆனால் பலர் 'எங்கள் ஊர் நேரம்' என்ற அர்த்தத்தில்தான் CET போடுகிறார்கள். எழுதியபடி எடுத்தால் 9:30, ஊர் வழக்கப்படி எடுத்தால் 8:30. இப்படி இரண்டு அர்த்தம் வரும் இடத்தில் முந்திய நேரத்தையே நமது கடைசி நேரமாக எடுக்க வேண்டும். எது சரி என்று வாதாடிப் பயனில்லை.

இந்தச் சுருக்கெழுத்துகளில் வேறு குழப்பங்களும் உண்டு. IST என்றால் இந்திய நேரமாகவும் இருக்கலாம், அயர்லாந்தின் கோடை நேரமாகவும் இருக்கலாம். BST பிரித்தானியாவின் கோடை நேரம், பங்களாதேஷ் நேரத்துக்கும் அதே எழுத்துகள்தான். ஆய்வு மாநாடுகளில் AoE என்று ஒன்று வரும். உலகத்தில் எங்காவது அந்தத் திகதி மிச்சம் இருக்கும் வரை அனுப்பலாம் என்பது அதன் கருத்து, UTC-ஐ விடப் பன்னிரண்டு மணித்தியாலம் பின்னால். 31ஆம் திகதி 23:59 AoE என்றால் நமக்கு மறுநாள் மாலை 5:29. நமக்கு அனுகூலமான கணக்கு இது ஒன்றுதான்.

நேரமே போடாமல் வெறும் திகதி மட்டும் போட்டிருந்தால்? இலங்கை அரச அலுவலகம் என்றால் 31ஆம் திகதி மாலை 4:15க்கு அலுவலகம் முடியும் நேரத்தையே எல்லையாக எடுங்கள். வெளிநாடு என்றால் 30ஆம் திகதியே அனுப்பிவிடுங்கள், அல்லது இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். '31ஆம் திகதி 00:00' என்று இருந்தால் அது 31ஆம் திகதி தொடங்கும் கணம், முடியும் கணம் இல்லை. அதாவது 30ஆம் திகதி இரவோடு கதை முடிந்தது.

அடுத்து, ஊர்ப் பெயரையும் திகதியையும் கொடுத்து மாற்றுங்கள்

போனில் உள்ள உலகக் கடிகாரத்தில் பிரஸ்ஸல்ஸைச் சேர்த்துப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. அது இன்றைய வித்தியாசத்தை மட்டுமே காட்டும். பெப்ரவரியில் பார்த்தால் நாலரை மணித்தியாலம் என்று காட்டும், மார்ச் 31க்கு அது பொருந்தாது. திகதியையும் சேர்த்துக் கேட்கும் நேர மாற்றித் தளங்கள் இருக்கின்றன, அவற்றில் ஊரைப் பிரஸ்ஸல்ஸ் என்றும் திகதியை 31 மார்ச் 2027 என்றும் கொடுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி போதும்:

```
TZ=Asia/Colombo date -d 'TZ="Europe/Brussels" 2027-03-31 17:00'
```

விடையில் 20:30 என்று வரும். +1, +2 என்று எண்ணைக் கொடுக்காமல் ஊர்ப் பெயரைக் கொடுப்பதற்குக் காரணம், எண் மாறும், எப்போது மாறும் என்ற விவரம் ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சேமிக்கப்பட்டிருக்கிறது. நம் ஊரிலும் எண் மாறியதுண்டு. 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள், அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னால் எடுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினோம். அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. 'பழைய நேரமா, புது நேரமா' என்று கேட்டுத்தான் எதையும் முடிவு செய்தோம் என்பது நாற்பது வயது கடந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

சில போர்ட்டல்கள் நேரத்தை உங்கள் கணினியின் நேரத்துக்கு மாற்றியே காட்டும். இது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கணினியின் நேர மண்டலத்தை டோக்கியோவுக்கு மாற்றி, பிரவுசரை மூடித் திறந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். காட்டும் நேரமும் மாறினால், போர்ட்டல் உங்கள் கணினியை நம்பி மாற்றிக் காட்டுகிறது. மாறவில்லை என்றால் அது அவர்கள் எழுதி வைத்த நேரம். பார்த்து முடிந்ததும் மண்டலத்தைத் திருப்பி வைக்க மறக்க வேண்டாம். விண்டோஸில் நம் மண்டலம் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்ற பெயரில் இருக்கும்.

சேர்வரின் கடிகாரத்தை நேரடியாகப் பாருங்கள்

'இன்னும் 7 நிமிடம்' என்று ஓடும் எண்களைப் பல போர்ட்டல்கள் காட்டும். அந்த எண்கள் பல தளங்களில் உங்கள் கணினியின் கடிகாரத்தைக் கொண்டே ஓடுகின்றன. பற்றரி பழுதாகி நேரம் பின்னால் போன கணினி என்றால், மூடிய பிறகும் 'நேரம் இருக்கிறது' என்று காட்டிக்கொண்டே இருக்கும். விண்ணப்பத்தை ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்வது சேர்வரின் கடிகாரம். அனேகமாக எல்லாச் சேர்வர்களும் ஒவ்வொரு பதிலோடும் தங்கள் நேரத்தையும் அனுப்புகின்றன, example.org இருக்கும் இடத்தில் போர்ட்டலின் முகவரியைப் போட்டு அதைப் பார்க்கலாம்:

```
curl -sI https://example.org | grep -i '^date'
Date: Wed, 31 Mar 2027 14:52:10 GMT
```

கறுப்புத் திரை பழக்கம் இல்லாதவர்கள் பிரவுசரில் F12 அழுத்தி, `Network` என்ற பகுதியைத் திறந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றி, முதல் வரியைச் சொடுக்கினால் `Response Headers` என்பதன் கீழ் அதே `Date` இருக்கும். இது எப்போதும் GMT-இல்தான் வரும். மேலே உள்ள உதாரணத்தில் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் நமக்கு இரவு 8:22, பிரஸ்ஸல்ஸில் 16:52. எட்டு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம். ஒரு எச்சரிக்கை: பெரிய தளங்களில் இந்தப் பதிலை முன்னால் நிற்கும் வேறொரு சேர்வர் தரலாம், அதன் கடிகாரமும் உள்ளே முடிவு எடுக்கும் சேர்வரின் கடிகாரமும் சில விநாடி வேறுபடலாம். நிமிடக் கணக்குக்கு இதை நம்பலாம், விநாடிக் கணக்குக்கு நம்ப வேண்டாம்.

விநாடிகளை நம்பாமல் இருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. `Submit` பொத்தானை அழுத்திய நேரத்தைச் சேர்வர் பார்ப்பதில்லை. உங்கள் கோப்பு முழுவதும் வந்து சேர்ந்து, அதைப் பதிவு செய்யும் நேரத்தைத்தான் பெரும்பாலும் பார்க்கும். 8 மெகாபைட் பிடிஎஃப் ஒன்றை விநாடிக்கு 1 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் அனுப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். மொபைல் டேட்டாவில் இறக்கும் வேகம் நன்றாக இருந்தாலும் ஏற்றும் வேகம் பல மடங்கு குறைவாக இருப்பது வழக்கம். ஸ்கான் பண்ணித் தரும் கடையில் 'வண்ணமாக, கூடிய தரத்தில்' எடுத்த சான்றிதழ்கள்தான் கோப்பைப் பெருக்க வைக்கின்றன. 200 டிபிஐ, கறுப்பு-வெள்ளைச் சாயல் போதும் என்று கேட்டு எடுங்கள்.

கடைசி மணித்தியாலத்தில் சேர்வருக்குள் நடப்பது

'இவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்துக்கு நல்ல சேர்வர் வாங்க முடியாதா' என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. வருடத்தில் ஒரு மாலைப் பொழுதுக்காக யாரும் அந்த அளவு செலவு செய்வதில்லை என்பதே பதில். மிச்சத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

ஒரு போர்ட்டல் ஒரே நேரத்தில் 50 விண்ணப்பங்களைக் கையாளும், ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி ஆகும் என்று எடுத்துக்கொள்வோம். வங்கியில் 50 கவுண்டர் திறந்திருப்பது போல. அப்படியானால் விநாடிக்கு 25 பேரை அனுப்பலாம். விநாடிக்கு 20 பேர் வந்தால் யாரும் பெரிதாகக் காத்திருக்க வேண்டாம். கடைசி மணித்தியாலத்தில் விநாடிக்கு 40 பேர் வருகிறார்கள். ஒவ்வொரு விநாடியும் 15 பேர் மிச்சப்படுகிறார்கள். ஒரு நிமிடத்தில் வரிசையில் 900 பேர், புதிதாக வருபவர் 36 விநாடி காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் காத்திருப்பு ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும். முன்னால் நிற்கும் சேர்வர் இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருக்காது என்று ஒரு எல்லை வைத்திருக்கும். பரவலாகப் பயன்படும் என்ஜின்எக்ஸ் மென்பொருளில், யாரும் மாற்றாவிட்டால், அந்த எல்லை 60 விநாடி. அதைத் தாண்டியதும் உங்கள் திரையில் `504 Gateway Timeout` வரும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் கெட்ட பகுதி. உங்கள் திரையில் 504 வந்தாலும், உள்ளே இருக்கும் சேர்வருக்கு நீங்கள் கைவிட்டது தெரியாமல் இருக்கலாம். உங்கள் முறை வரும்போது அது உங்கள் விண்ணப்பத்தை எடுத்து 2 விநாடி செலவழித்து வேலையை முடிக்கும், பதிலை வாங்க ஆள் இருக்காது. நீங்களோ இதற்குள் பக்கத்தை மூன்று தடவை மீண்டும் ஏற்றியிருப்பீர்கள். ஒருவருடைய இடத்தில் இப்போது நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். வந்தவர்கள் 40 பேர்தான், சேர்வர் காண்பது நூற்றுக்கு மேல். வேலை செய்துகொண்டே இருக்கும், யாருக்கும் பதில் போகாது.

முழுதாக நிரம்புவதற்கு முன்பே தாமதம் தொடங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். மனிதர்கள் ஒரே சீராக வருவதில்லை, கும்பலாக வருகிறார்கள். ஒரே ஒரு கவுண்டர் உள்ள எளிய வரிசைக் கணக்கில், பாதி நிரம்பிய நிலையில் ஒரு வேலை முடிய ஆகும் நேரம் சும்மா இருக்கும்போது ஆவதைப் போல இரண்டு மடங்கு. தொண்ணூறு வீதம் நிரம்பினால் பத்து மடங்கு. கவுண்டர் பல இருந்தால் கொஞ்சம் தாங்கும், ஆனால் விளிம்பில் திடீரென்று செங்குத்தாக ஏறும் அந்தக் குணம் மாறாது. மத்தியானம் சுகமாக ஓடிய போர்ட்டல் பின்னேரம் சட்டென்று உறைந்து போவது இதனால்தான்.

முகப்புப் பக்கம் நன்றாகத் திறக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அது மாறாத பக்கம், நகல் எடுத்து உலகம் முழுக்க வைத்திருப்பார்கள். லொகின், கோப்பு ஏற்றுதல், `Submit` ஆகியவைதான் தரவுத்தளத்தைத் தொடும், நெரிசல் அங்கேதான். போனுக்கு வரும் ஒருதடவைக் குறியீடும் கட்டணம் கட்டும் பக்கமும் வேறு நிறுவனங்களின் சேர்வர்களில் இருக்கும், அவற்றுக்குத் தனி வரிசை.

இது சின்ன நிறுவனங்களின் பிரச்சினை மட்டும் இல்லை. பிரித்தானியாவில் 2016 ஜூன் 7 நள்ளிரவோடு வாக்காளர் பதிவு முடிய வேண்டும். அன்று இரவு அரசாங்கத்தின் பதிவுத் தளம் படுத்துவிட்டது. கடைசியில் நேரத்தை ஜூன் 9 நள்ளிரவு வரை நீட்டினார்கள். வாக்குரிமை என்பதால் நீட்டினார்கள். உதவித்தொகைக்கு யாரும் நீட்டக் கடமைப்பட்டவர்கள் இல்லை.

எந்த நேரத்தில் அனுப்புவது

யாழ்ப்பாணத்தில் இருப்பது இந்த இடத்தில் நமக்கு வசதி. நெரிசல் பெரும்பாலும் அந்த ஊரின் பகலிலும் கடைசி மணித்தியாலங்களிலும் வரும். நம் காலை ஆறு மணி பிரஸ்ஸல்ஸில், கோடை நேரத்தில், அதிகாலை 2:30. அங்கே எல்லோரும் நித்திரை. நம் பக்கத்து இணைப்பிலும் அந்த நேரம் ஆட்கள் குறைவு. ஆகவே நமது மாணவி 29ஆம் திகதி காலை ஆறு மணியை நாட்குறிப்பில் எழுதுவது நல்லது. ஏதாவது தடை வந்தால் 30ஆம் திகதி அலுவலக நேரத்தில், அதாவது நமது பிற்பகலில், உதவி கேட்டு எழுதலாம். பராமரிப்புக்காகச் சேர்வரை நிறுத்தும் வேலையும் சில இடங்களில் அதே அதிகாலையில்தான் நடக்கும் என்பதால் போர்ட்டலில் அறிவிப்பு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளருக்கும் அதே கடைசி நேரம்தான் பல போர்ட்டல்களில். அவருக்குப் போகும் இணைப்பு நீங்கள் விண்ணப்பத்தை அனுப்பிய பிறகே போகும் என்றால், 31ஆம் திகதி அனுப்புவது அவர் கழுத்தைப் பிடிப்பது. இதை விதிகளில் தேடிப் பாருங்கள்.

கடைசி மணித்தியாலத்தில் மாட்டிக்கொண்டால்

`Submit` ஒரு தடவைதான். சுற்றிக்கொண்டிருந்தால் இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். 503 வந்தால் சேர்வர் ஆட்களை வாசலிலேயே திருப்புகிறது, அனேகமாக உங்கள் விண்ணப்பம் உள்ளே போகவில்லை, சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம். 504 வந்தால் உள்ளே போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். உடனே மறுபடி அழுத்தாமல், புதிய தாவலில் உங்கள் விண்ணப்பப் பட்டியலைத் திறந்து நிலையைப் பாருங்கள். `Draft` அல்லது `In progress` என்றால் அது சேமிப்பு மட்டும்தான். `Submitted` என்று மாறி, ஒரு விண்ணப்ப எண்ணும் இருந்தால் முடிந்தது. உறுதி மின்னஞ்சல் தனி வரிசையில் வரும், ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் பதற வேண்டாம். 413 என்று வந்தால் அது நெரிசல் இல்லை, கோப்பு பெரிது. எத்தனை தடவை முயன்றாலும் அதே பதில்தான், சுருக்கித்தான் அனுப்ப வேண்டும்.

கட்டணம் கட்டும் இடத்தில் நின்றுபோனால், வங்கிக் குறுஞ்செய்தியில் பணம் போயிருக்கிறதா என்று பார்க்காமல் இரண்டாம் தடவை கட்ட வேண்டாம். பணம் போய், போர்ட்டல் 'கட்டவில்லை' என்று காட்டினால், பரிமாற்ற எண்ணோடு எழுதுங்கள்.

எதுவும் அசையவில்லை என்றால் கடைசி நேரத்துக்கு முன்பே உதவி மின்னஞ்சலுக்கு எழுதிவிட வேண்டும். முன்பே எழுதியது, பின்பு எழுதியது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கடிதத்தில் மன்றாட்டம் வேண்டாம், விவரம் வேண்டும்: விண்ணப்ப எண், எந்தப் பக்கத்தில் நின்றது, திரையில் வந்த எண், நேரம் UTC-இல். 'இரவு எட்டேகால்' என்று எழுதினால் யாருடைய எட்டேகால் என்று அவர்கள் தேட வேண்டும், '14:45 UTC' என்று எழுதினால் சேர்வர் பதிவேட்டில் நேரே அந்த இடத்தைப் பார்க்கலாம். திரையைப் படம் எடுக்கும்போது முகவரிப் பட்டையும் கணினிக் கடிகாரமும் சேர்ந்து தெரிய வேண்டும், பிழைச் செய்தியை மட்டும் வெட்டி எடுத்தால் அதை எந்தத் தளத்தில் எப்போது எடுத்தீர்கள் என்று காட்ட வழி இல்லை. விண்ணப்பத்தின் பிடிஎஃப்பையும் அந்தக் கடிதத்தோடு இணைத்து விடுங்கள். சில அலுவலகங்கள் அதையே ஏற்கும், பல ஏற்காது.